இந்தியச் சட்டப் பட்டத்துடன் சிங்கப்பூரில்: நிறுவன வேலையா, ஊரில் நீதிபதித் தேர்வா?

செங்காங் வாசகி | 30 ஆகஸ்ட் 2025

மதுரையில் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பை முடித்து, 2022 நவம்பரில் தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்தேன். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையிலும் மாவட்ட நீதிமன்றத்திலும் ஒரு சீனியரிடம் 2025 ஜனவரி வரை ஜூனியராக இருந்தேன். 2023இல் டிஎன்பிஎஸ்சி 245 உரிமையியல் நீதிபதி இடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டபோது புதிய பட்டதாரி என்ற முறையில் எழுதி, முதல்நிலையைத் தாண்டி, முதன்மைத் தேர்வில் நின்றுவிட்டேன். திருமணத்துக்குப் பிறகு இப்போது கணவருடன் சிங்கப்பூரில் சார்ந்தோர் அட்டையில் இருக்கிறேன்.

ஊபியில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனம், அதன் ஒப்பந்தங்களைப் படித்துப் பார்க்கும் சட்டப் பணிக்கு மாதம் 5,600 வெள்ளி தருவதாகச் சொல்கிறது. நீதிபதித் தேர்வை நான் இன்னும் கைவிடவில்லை. இந்த வேலையில் சேர்ந்து ஓரிரு ஆண்டு கழித்து ஊருக்குப் போய்த் தேர்வு எழுதினால், இங்கே சட்ட வேலை பார்த்த காலமும் அனுபவமாகக் கணக்கில் வருமா? எனக்கு வயது 27.

கதிர் ஜூரோங் | 30 ஆகஸ்ட் 2025

நிறுவன வேலைக்குப் போக வேண்டாம். இங்கேயே வழக்கறிஞர் ஆகிவிடுங்கள். ஏ பகுதி, பி பகுதி என்று இரண்டு தேர்வுகள் இருக்கின்றன, அவற்றை எழுதினால் போதும். என் அத்தை மகன் வெளிநாட்டில் படித்து வந்து அப்படித்தான் ஆனான். இந்தியச் சட்டமும் சிங்கப்பூர்ச் சட்டமும் ஒரே ஆங்கிலேய மரபில் வந்தவை என்பதால் உங்களுக்குப் பாடம் கடினமாக இருக்காது.

அடையாற்றான் | 31 ஆகஸ்ட் 2025

கதிர் சொல்லும் தேர்வுகள் உண்மை. ஆனால் உங்கள் அத்தை மகன் எந்த நாட்டில் படித்தார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஏ பகுதித் தேர்வு, பட்டியலில் உள்ள பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சட்டம் படித்துத் திரும்பும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்குமானது. அந்தப் பட்டியலில் இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றுகூட இல்லை. பாடம் ஒரே மரபில் வந்ததா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. இந்தியப் பட்டம் பெற்றவர் இங்கே நீதிமன்றத்தில் நிற்க விரும்பினால், இங்குள்ள சட்டப் பள்ளி ஒன்றில் ஜேடி போன்ற தகுதிப் பட்டத்தைப் புதிதாகப் படித்து, பி பகுதியை முடித்து, பயிற்சிக் காலத்தையும் கடக்க வேண்டும். அந்தப் பயிற்சிக் காலம் ஆறு மாதமாக இருந்தது; 2024 முதல் ஓராண்டு. பலர் ஓராண்டு எல்எல்எம் படித்துவிட்டு வழி திறந்துவிடும் என்று நம்புகிறார்கள். எல்எல்எம் அந்தத் தகுதியைத் தராது.

சகோதரி கேட்டது வேறு கேள்வி. இங்கே செய்யும் வேலை அங்கே எண்ணப்படுமா என்பதே கேள்வி. எண்ணப்படாது. இதை வேலைக் கடிதத்தில் கையெழுத்திடும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

2025 மே 20 அன்று இந்திய உச்ச நீதிமன்றம், அகில இந்திய நீதிபதிகள் சங்க வழக்கில், உரிமையியல் நீதிபதித் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது மூன்று ஆண்டு வழக்கறிஞர் தொழில் வேண்டும் என்ற நிபந்தனையை மீண்டும் கொண்டுவந்தது. நீங்கள் 2023இல் நுழைந்த புதிய பட்டதாரி என்ற வாசல் அதனால் மூடப்பட்டுவிட்டது. அந்த நாளுக்கு முன் தொடங்கிய தேர்வுகளுக்கு மட்டும் விலக்கு. இனி உங்கள் கையில் எத்தனை மாதம் இருக்கிறது, அதற்கு யார் சான்று தருவார் என்ற இரண்டும்தான் முக்கியம்.

கதிர் ஜூரோங் | 31 ஆகஸ்ட் 2025

அத்தை மகன் படித்தது இங்கிலாந்தில்தான், குடியுரிமையும் இங்கேயே. ஆனால் இன்னொன்று கேள்விப்பட்டேன். அகில இந்திய பார் தேர்வில் தேறிய நாளிலிருந்துதான் தொழில் எண்ணப்படும் என்கிறார்களே? அப்படியானால் இவருக்கு இரண்டு ஆண்டுகூட இருக்காதே.

செங்காங் வாசகி | 1 செப்டம்பர் 2025

எனக்கு அந்தப் பயம் உண்டு. பார் தேர்வில் தேறியது 2024இல்தான். அப்படிப் பார்த்தால் ஓராண்டுகூட முழுதாகத் தேறாது.

அடையாற்றான் | 1 செப்டம்பர் 2025

அந்தப் பயம் வேண்டாம். தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்தே எண்ண வேண்டும் என்று அதே தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது. பார் தேர்வு வெவ்வேறு காலத்தில் நடப்பதால் அதை அளவாக வைத்தால் சமமாக இருக்காது என்பதே காரணம். ஆகவே உங்கள் கணக்கு 2022 நவம்பரில் தொடங்கி 2025 ஜனவரியில் நிற்கிறது. அது இரண்டு ஆண்டு இரண்டு மாதம். குறைவது பத்து மாதம்.

ஏன் ஜனவரியில் நிற்கிறது என்றால், அதன்பின் நீங்கள் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் தொழில் ஆகாது. வேலையில் சேர்ந்தால் இன்னொன்றும் நடக்கும். பார் கவுன்சில் விதி 49இன்படி, வழக்கறிஞர் ஒருவர் எந்த நபரிடமோ அரசிடமோ நிறுவனத்திடமோ முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கும் வரை தொழில் செய்யக் கூடாது. சேர்ந்ததும் தாம் பதிவு செய்த பார் கவுன்சிலுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். ஊபி நிறுவனம் வெளிநாட்டில் இருக்கிறதே, அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று சிலர் சொல்வார்கள். நாளை நீதிபதிப் பதவிக்கான சரிபார்ப்பில் உங்கள் கடவுச்சீட்டும் வேலை அட்டையும் வெளிவரும்போது, அன்று தெரிவிக்காமல் விட்டது நேர்மைக் குறைவாகவே தெரியும். கடிதம் எழுதிப் பதிவை நிறுத்திவைப்பது எளிது. திரும்பிப் போகும்போது மீண்டும் தொடங்கிக்கொள்ளலாம்.

ஈசூன் அப்பா | 2 செப்டம்பர் 2025

நல்ல இழை. என் மகள் தேசியப் பல்கலைக்கழகத்தில் சட்டம் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அவளுக்கும் நீதிபதி ஆக ஆசை. இந்த உரிமையியல் நீதிபதித் தேர்வுக்கு இங்கே எந்த வகுப்பில் சேர்க்கலாம்? கட்டணம் எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை. பயிற்சி ஒப்பந்தத்துக்கும் இப்போதே ஓட வேண்டும் என்கிறாள், எனக்கு ஒன்றும் புரியவில்லை.

வழக்காடுபவள் | 2 செப்டம்பர் 2025

ஐயா, இங்கே பேசப்படுவது தமிழ்நாட்டுத் தேர்வு. சிங்கப்பூரில் நீதிபதி ஆக எழுத்துத் தேர்வு கிடையாது, ஆகவே வகுப்பும் கிடையாது. 2022இலிருந்து நீதித்துறைச் சேவை, சட்டச் சேவையிலிருந்து தனியாகப் பிரிந்து நடக்கிறது. மாணவர்கள் விண்ணப்பித்து, நேர்காணல் வழியாகத் தேர்வாகி, உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகளின் சட்ட எழுத்தராகத் தொடங்கலாம். அங்கே பார்ப்பது மதிப்பெண்ணையும் எழுத்தையும்தான். மகளிடம் மூட் வழக்கு வாதங்களையும் நீண்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றையும் கவனமாகச் செய்யச் சொல்லுங்கள்.

பயிற்சி ஒப்பந்தம் பற்றி மகள் சொல்வது சரி. நான் அப்பர் கிராஸ் ஸ்திரீட்டில் ஆறு பேர் கொண்ட சிறிய அலுவலகத்தில் குடும்ப வழக்கும் குற்ற வழக்கும் பார்க்கிறேன். எங்களைப் போன்ற அலுவலகங்கள் அறிவிப்புகூட வெளியிடுவதில்லை. விடுமுறைப் பயிற்சிக்கு வந்தவர்களில் ஒருவரை வைத்துக்கொள்வோம். பயிற்சி ஓராண்டு ஆன பிறகு, ஒருவரை எடுப்பது எங்களுக்குக் கூடுதல் செலவாகிவிட்டது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். இன்னொரு மாற்றமும் உண்டு. பி பகுதியில் தேறியவர் பயிற்சி செய்யாமலேயே தொழில் நடத்தாத வழக்கறிஞராகப் பதிவு பெறலாம். நிறுவனங்களின் சட்டப் பிரிவுக்குப் போக விரும்புவோருக்கு அது போதும். நீதிமன்றத்தில் நிற்க அது போதாது.

ஈசூன் அப்பா | 3 செப்டம்பர் 2025

நன்றி அம்மா. மகளிடம் காட்டினேன், "இதைத்தானே இரண்டு மாதமாகச் சொல்கிறேன்" என்றாள்.

அடையாற்றான் | 5 செப்டம்பர் 2025

5,600 வெள்ளிக்கு வருவோம். இதில் சகோதரிக்கு ஒரு சிக்கல் இருக்கிறது, நிறுவனம் அதைக் கவனித்ததா என்று தெரியவில்லை.

2021 மே முதல், சார்ந்தோர் அட்டையில் இருப்பவர் வேலை செய்யத் தமக்கென்று தனி வேலை அட்டை பெற வேண்டும். உங்களுக்கு அது பெரும்பாலும் வேலைவாய்ப்பு அட்டை, அதாவது இபி. நிதித்துறை தவிர்த்த மற்ற துறைகளில் அதற்கான குறைந்தபட்ச மாதச் சம்பளம் இந்த ஆண்டு 5,600 வெள்ளி. ஆனால் அது 23 வயதுக்காரருக்கான தொகை. அதன்பின் வயதுக்கேற்ப ஏறிக்கொண்டே போய் 45 வயதில் 10,700ஐ எட்டுகிறது. 27 வயதுக்காரருக்கு 5,600 என்று விண்ணப்பித்தால் முதல் படியிலேயே தடுத்துவிடுவார்கள். மனிதவள அமைச்சின் இணையத்தில் சுயமதிப்பீட்டுக் கருவி இருக்கிறது. பிறந்த தேதி, பட்டம், சம்பளம் மூன்றையும் உள்ளிட்டு முடிவைப் பார்க்குமாறு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிடம் கேளுங்கள். அதைச் செய்யாமல் "எல்லாம் கிடைத்துவிடும்" என்று சொல்பவரை நம்பி வேறு நேர்காணல்களை விடாதீர்கள்.

அந்தப் படியைத் தாண்டினால் காம்பஸ் என்ற புள்ளி மதிப்பீடு. அதில் 40 புள்ளி வேண்டும். உங்கள் நிறுவனத்தில் எத்தனை பேர்?

செங்காங் வாசகி | 5 செப்டம்பர் 2025

மொத்தம் பதினெட்டுப் பேர் என்று சொன்னார்கள். சம்பளம் வயதைப் பொறுத்தது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நாளையே கேட்கிறேன்.

அடையாற்றான் | 6 செப்டம்பர் 2025

அப்படியானால் ஒரு நன்மை இருக்கிறது. உயர்நிலை ஊழியர்கள் 25 பேருக்குக் குறைந்த நிறுவனத்துக்கு, பல நாட்டவர் கலப்பு, உள்ளூர் ஊழியர் விகிதம் என்ற இரண்டு அளவுகோல்களிலும் தலா 10 புள்ளி தானாகவே கிடைக்கும். அது 20. உங்கள் பட்டம் சரிபார்க்கப்பட்டால் 10. ஆக 30. மீதிப் பத்தும் சம்பளத்திலிருந்து வர வேண்டும். அந்தத் துறையில் உள்ள உள்ளூர் உயர்நிலை ஊழியர்களின் சம்பளத்தோடு உங்கள் சம்பளத்தை ஒப்பிட்டு, அது 65ஆவது நூற்றுமானத்தை எட்டினால்தான் பத்து கிடைக்கும். எட்டாவிட்டால் 30இலேயே நிற்பீர்கள், விண்ணப்பம் நிராகரிக்கப்படும். ஆகவே குறைந்தபட்சத் தொகையை மட்டும் எட்டும் சம்பளம், சிறிய நிறுவனத்தில் பல நேரம் போதாது. பேரம் பேசும்போது இந்தக் கணக்கைச் சொல்லிப் பேசுங்கள். "எனக்குக் கூடுதல் வேண்டும்" என்று கேட்பதைவிட, "இந்தத் தொகைக்குக் கீழ் அட்டையே கிடைக்காது" என்று காட்டினால் எதிர்த்தரப்பு கேட்கும்.

பட்டச் சரிபார்ப்பை இன்றே தொடங்குங்கள். பின்னணிச் சரிபார்ப்பு நிறுவனம் உங்கள் பல்கலைக்கழகத்துக்கு எழுதி, பதில் பெற்று அனுப்ப வேண்டும். ஊரில் பதிவாளர் அலுவலகக் கோப்பு எப்படி நகரும் என்று உங்களுக்கே தெரியும். வேலை அறிவிப்பும் அரசாங்க வேலைவாய்ப்புத் தளத்தில் 14 நாளாவது இருந்திருக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைந்த நிறுவனங்களுக்கு அதில் விலக்கு உண்டு. உங்கள் நிறுவனத்துக்கு அந்த விலக்கு இல்லை.

கதிர் ஜூரோங் | 6 செப்டம்பர் 2025

இவ்வளவு தொல்லைக்கு, ஏதாவது ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் சட்ட உதவியாளராக எஸ் பாஸ் வேலை அட்டையில் சேரலாமே. தமிழ் தெரிந்தவர்கள் தேவை என்று கேள்வி.

வழக்காடுபவள் | 7 செப்டம்பர் 2025

தேவை உண்மை. வேலையிடக் காயத்தோடு வரும் கட்டுமான ஊழியரிடம் தமிழில் முழு விவரத்தையும் கேட்டு, தேதி வரிசையில் எழுதித் தருபவர் எங்களுக்குப் பொன்னானவர். ஆனால் எஸ் பாஸ் என்பது நிறுவனத்தின் ஆள் எண்ணிக்கையைப் பொறுத்த ஒதுக்கீடு. சேவைத் துறையில் அது பத்து விழுக்காடு. முழு ஊதிய உள்ளூர் ஊழியர் ஒன்பது பேராவது இல்லாத அலுவலகத்துக்கு ஒன்றுகூடக் கிடைக்காது. எங்கள் ஆறு பேர் அலுவலகத்தில் நான் ஆசைப்பட்டாலும் முடியாது. பெரிய அலுவலகங்களுக்கு ஒதுக்கீடு உண்டு. அவர்கள் உள்ளூர்ப் பட்டயதாரிகளை எடுத்துக்கொள்கிறார்கள். எங்கே சேர்ந்தாலும் சட்ட உதவியாளர், வழக்கறிஞராகத் தம்மைக் காட்டிக்கொள்ளவோ, வாடிக்கையாளருக்குத் தாமே ஆலோசனை சொல்லவோ கூடாது. மதுரைக் கிளையில் நீதிபதி முன் நின்று வாதாடியவருக்கு அது பழகக் கடினமாக இருக்கும்.

செங்காங் வாசகி | 12 செப்டம்பர் 2025

நிறுவனத்தில் கேட்டேன். சம்பளத்தை மறுபரிசீலனை செய்வதாகவும், அதற்கு முன் ஒரு எழுத்துச் சோதனை இருக்கும் என்றும் சொன்னார்கள். அதில் என்ன கேட்பார்கள்? நான் எழுதிப் பழகியது ரிட் மனுவும் எதிர்வாதுரையும்தான்.

அடையாற்றான் | 13 செப்டம்பர் 2025

நான் ஆள் எடுக்கும்போது கொடுக்கும் சோதனையைச் சொல்கிறேன். நான்கு பக்கச் சேவை ஒப்பந்தம் ஒன்றைக் கொடுத்து, முக்கால் மணி நேரத்தில் குறைகளைக் குறிக்கச் சொல்வேன். ஒன்பதாவது பிரிவில், எங்கள் பொறுப்பு கடந்த 12 மாதக் கட்டணத்தைத் தாண்டாது என்று இருக்கும். பார்த்தவுடன் மனம் நிம்மதி அடையும். பதினொன்றாவது பிரிவில், தரவுக் கசிவால் வரும் எல்லா இழப்பையும் நாங்கள் ஈடுசெய்வோம் என்றும், இந்த ஒப்பந்தத்தில் வேறெங்கு என்ன சொல்லியிருந்தாலும் இது செல்லும் என்றும் இருக்கும். அந்தக் கடைசிச் சொற்றொடர் ஒன்பதாவது பிரிவை அப்படியே விழுங்கிவிடுகிறது. ஆண்டுக்கு 40,000 வெள்ளி வரும் ஒப்பந்தத்துக்காக நிறுவனம் எல்லையில்லாத பொறுப்பை ஏற்கிறது. இரண்டு பிரிவுகளையும் சேர்த்துப் படித்து இதைக் கண்டுபிடிப்பவரைத்தான் நான் தேடுகிறேன்.

கண்டுபிடித்த பிறகு நீதிமன்றத்திலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அவர்கள் இரண்டு பக்கத்துக்கு முன்தீர்ப்புகளோடு குறிப்பு எழுதுவார்கள். நான் கேட்பது விற்பனைத் தலைவருக்கு ஒரு மின்னஞ்சல். பதினொன்றாவது பிரிவில் வரம்பு இல்லை. தரவுக் கசிவுக்கு மட்டும் ஆண்டுக் கட்டணத்தின் இரண்டு மடங்கை வரம்பாகக் கேட்போம். அவர்கள் மறுத்தால், நம் காப்பீடு எவ்வளவு தாங்கும் என்று பார்த்த பின்பே கையெழுத்திடுவோம். இவ்வளவுதான். விற்பனைத் தலைவர் அதைக் கைப்பேசியில் படித்து, அன்றே வாடிக்கையாளரிடம் பேசக்கூடியதாக இருக்க வேண்டும்.

மென்பொருள் நிறுவனம் என்பதால் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தையும் பார்த்துப் போங்கள். 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தகவல் கசிந்தால் ஆணையத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். அது தெரிவிக்க வேண்டிய கசிவுதான் என்று மதிப்பிட்ட நாளிலிருந்து மூன்று நாள்தான் அவகாசம். எதிர்த்தரப்பு நிறுவனம் நமக்கு எத்தனை நாளில் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் நாம் மாட்டிக்கொள்வோம். நேர்காணலில் இதைக் கேட்டுப் பாருங்கள், அவர்கள் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று. உங்களை மறக்க மாட்டார்கள்.

வழக்காடுபவள் | 14 செப்டம்பர் 2025

அடையாற்றான் அண்ணன் பத்து மாதக் கணக்கை எளிதாகக் கூட்டிவிட்டார். அதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. 2022இலிருந்து 2025 வரை ஒரு துண்டு, பிறகு இடைவெளி, பிறகு பத்து மாதத் துண்டு என்று ஒட்டினால் மூன்று ஆண்டு ஆகுமா? மாவட்ட நீதிபதி நேரடி நியமனத்துக்கு ஏழு ஆண்டுத் தொழில் தொடர்ச்சியாகவும் விண்ணப்ப நாளில் நடப்பிலும் இருக்க வேண்டும் என்று 2013இல் தீபக் அகர்வால் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உரிமையியல் நீதிபதிக்கும் அதே அளவுகோலைப் பிடித்தால் இவருடைய பழைய இரண்டு ஆண்டும் போய்விடுமே.

அடையாற்றான் | 14 செப்டம்பர் 2025

நியாயமான தயக்கம். அந்த வழக்கு அரசமைப்பின் 233ஆவது உறுப்பில் உள்ள சொற்களை வைத்து எழுந்தது. உரிமையியல் நீதிபதி நியமனம் மாநில விதிகளின் கீழ் வருகிறது. மே மாதத் தீர்ப்பு மூன்று ஆண்டு என்கிறதே தவிர, தொடர்ச்சி பற்றி அதே கண்டிப்போடு பேசவில்லை. கூட்டலாம் என்று வாதிட இடம் இருக்கிறது என்பது என் கருத்து. ஆனால் வாதிட இடம் இருப்பதும் விண்ணப்பம் ஏற்கப்படுவதும் ஒன்றல்ல. அடுத்த அறிவிப்பில் என்ன சொல் வருகிறதோ அதுதான் முடிவு. பாதுகாப்பாகத் திட்டமிடுவதானால், இடைவெளியைக் குறுக்கி, விண்ணப்பிக்கும் நாளில் தொழில் நடப்பில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். வேலை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இங்கிருந்தே விண்ணப்பிக்கலாம் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

செங்காங் வாசகி | 15 செப்டம்பர் 2025

இந்தியச் சட்ட நிறுவனங்கள் சிலவற்றுக்கு இங்கே கிளை இருக்கிறது. அங்கே வெளிநாட்டு வழக்கறிஞராகப் பதிவு செய்து வேலை பார்த்தால் அது தொழிலாக எண்ணப்படுமா? நடுவர் தீர்ப்பு வழக்குகள் நிறைய நடப்பதாகச் சொல்கிறார்கள்.

அடையாற்றான் | 16 செப்டம்பர் 2025

அந்த வழி உண்டு, நல்ல வழியும்கூட. சட்ட அமைச்சின் கீழ் உள்ள சட்டச் சேவைகள் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்து, இந்தியச் சட்டம் பற்றி ஆலோசனை சொல்லலாம். இந்தியத் தரப்புகள் சிங்கப்பூர் அனைத்துலக நடுவர் மன்றத்துக்கு அதிகம் வருவதால் மெக்ஸ்வெல் சேம்பர்ஸ் வட்டாரத்தில் இந்திய வழக்கறிஞர்களுக்கு வேலை இருக்கிறது. ஆனால் அவர்கள் தேடுவது மும்பை, டெல்லி பெரிய நிறுவனங்களில் சில ஆண்டு நடுவர் வழக்குகள் பார்த்தவர்களை.

எண்ணப்படுமா என்றால், சான்று எங்கிருந்து வரும் என்று பாருங்கள். தீர்ப்பின்படி, நீங்கள் தொழில் செய்த நீதிமன்றத்தின் தலைமை நீதித்துறை அலுவலர் சான்று தர வேண்டும். அல்லது அந்த நீதிமன்றத்தில் பத்தாண்டுக்குக் குறையாத அனுபவமுள்ள வழக்கறிஞர் சான்று தர, மாவட்டத் தலைமை நீதித்துறை அலுவலர் அதற்கு மேலொப்பம் இட வேண்டும். உயர் நீதிமன்றத் தொழில் என்றால் அந்த நீதிமன்றம் நியமித்த அலுவலரின் மேலொப்பம். சிங்கப்பூரில் நடுவர் மன்றத்தில் அமர்ந்ததற்கு மதுரையில் யார் மேலொப்பம் இடுவார்? எனக்குத் தெரிந்த வரை, யாரும் இல்லை. இந்திய நீதிபதிகளிடம் சட்ட எழுத்தராக இருந்த காலம் எண்ணப்படும் என்று தீர்ப்பு சேர்த்துச் சொல்கிறது. ஊர் திரும்பினால் அந்தப் பத்து மாதத்துக்கு அதுவும் ஒரு வழி.

செங்காங் வாசகி | 4 அக்டோபர் 2025

சோதனை எழுதினேன். பிரிவுகள் முரண்படுவதைக் கண்டுபிடித்தேன், மின்னஞ்சலும் சுருக்கமாக எழுதினேன். சம்பளத்தை உயர்த்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சுயமதிப்பீட்டுக் கருவியில் இந்த முறை 40 வருகிறது. அட்டைக்கு விண்ணப்பிக்கப் பட்டச் சரிபார்ப்புக்காகக் காத்திருக்கிறோம்.

ஆனால் மனம் இன்னும் இரண்டாகவே இருக்கிறது. நான் இருந்த அலுவலகத்தில் எனக்கு மாதாமாதம் எதுவும் தந்ததில்லை. மதுரையில் ஜூனியருக்குக் குறைந்தது 20,000 ரூபாய் தர வேண்டும் என்று பார் கவுன்சில் 2024இல் சுற்றறிக்கை அனுப்பிய பிறகும் போக்குவரத்துச் செலவுதான் வந்தது. திரும்பிப் போனால் பத்து மாதமும் அப்படித்தான் இருக்குமோ என்ற எண்ணம் வருகிறது. அதே சமயம், முதன்மைத் தேர்வில் வழக்கெழுவினாக்களை வனைந்து தீர்ப்பு எழுதிய அந்த மூன்று மணி நேரம் வேறு எந்த வேலையிலும் எனக்குக் கிடைத்ததில்லை. கணவர், எதுவானாலும் சரி என்கிறார்.

ஈசூன் அப்பா | 4 அக்டோபர் 2025

ஓராண்டு இங்கே சம்பாதித்து, அந்தப் பணத்தில் பத்து மாதம் ஊரில் இருங்கள் அம்மா. நீங்கள் என் மகளாக இருந்தால் நான் அதைத்தான் சொல்வேன்.

வழக்காடுபவள் | 5 அக்டோபர் 2025

ஐயா சொல்வது நடைமுறையில் நன்றாக இருக்கிறது. நான் எதிராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓராண்டு இடைவெளி இரண்டாண்டு ஆகிவிடும். தேர்வு அறிவிப்பு எந்த மாதம் வரும் என்று யாருக்கும் தெரியாது. இதற்கிடையே ஊரில் 2024 ஜூலையிலிருந்து புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறையில் இருக்கின்றன. நீங்கள் அவற்றோடு நீதிமன்றத்தில் இருந்தது ஆறேழு மாதம்தான். போவதானால் சீக்கிரம் போங்கள் என்பது என் கருத்து.

அடையாற்றான் | 6 அக்டோபர் 2025

இவர்கள் இருவரில் யார் சரி என்று நான் சொல்லப் போவதில்லை. எதைத் தேர்ந்தாலும் இந்த மாதமே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உங்கள் சீனியருக்கு இப்போதே எழுதி, 2022 நவம்பர் முதல் 2025 ஜனவரி வரையிலான காலத்துக்குச் சான்று வாங்கிவிடுங்கள். அவருக்குப் பத்தாண்டு அனுபவம் இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். இல்லாவிட்டால் அதே நீதிமன்றத்தில் உங்களைப் பார்த்த வேறு மூத்தவர் வேண்டும். மாவட்ட நீதிமன்றத்துக்கு ஒன்று, மதுரைக் கிளைக்கு ஒன்று என்று இரண்டாகக் கேளுங்கள், மேலொப்பமிடும் அலுவலர் வேறு வேறு என்பதால். சான்றோடு இணைக்க, உங்கள் பெயர் உள்ள வக்காலத்துகளின் நகல், உங்கள் வருகை பதிவான அன்றாட உத்தரவுகள், வழக்கு நாட்குறிப்பின் பக்கங்கள் ஆகியவற்றை ஆண்டு வாரியாகப் பிரித்து வையுங்கள். வக்காலத்தில் சீனியர் பெயர் மட்டும் இருந்து உங்கள் பெயர் இல்லாத வழக்குகளை விட்டுவிடுங்கள். குறைவாக இருந்தாலும் உங்கள் பெயரைக் காட்டுபவை போதும்.

பணம் தராத அலுவலகம் சான்று தரவும் தயங்கலாம். அதனால்தான் நீங்கள் இன்னும் அவர்கள் நினைவில் இருக்கும்போதே கேட்கச் சொல்கிறேன்.

செங்காங் வாசகி | 9 அக்டோபர் 2025

அண்ணா, எழுதிவிட்டேன். சீனியர் 2009இல் பதிவு செய்தவர், சான்று தருகிறேன் என்றார். மாவட்ட நீதிமன்ற மேலொப்பத்துக்குத் தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது நேரில் வரச் சொல்லியிருக்கிறார். வக்காலத்து நகல்களைத் தங்கை எடுத்து அனுப்புகிறாள். 2023இல் என் பெயர் உள்ளவை மிகக் குறைவு, அந்த ஆண்டுக்கு அன்றாட உத்தரவுகளைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. உயர் நீதிமன்ற இணையத்தில் வழக்கு எண் போட்டால் பழைய உத்தரவுகள் கிடைக்கின்றன, ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருக்கிறேன்.

அடையாற்றான் | 9 அக்டோபர் 2025

இறக்கும்போது வழக்கு எண்ணையும் தேதியையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். ஊபி வேலை கிடைத்தால், சேர்ந்த நாளில் பார் கவுன்சிலுக்கு அனுப்பும் கடிதத்தின் நகலும் ஒப்புகைச் சீட்டும் அதே கோப்புறையில் இருக்கட்டும்.